கடைவாய்ப் பல் எடுத்த மூன்றாம் நாள்: காத்திருப்பதா, மருந்துக் கடையா, பல் டாக்டரா, பெரிய ஆஸ்பத்திரியா?

சனிக்கிழமை பல் எடுத்தவர்கள் செவ்வாய்க்கிழமை ராத்திரி போன் செய்வார்கள். கிருஷ்ணகிரியில் பல் பார்க்க ஆரம்பித்த காலத்திலிருந்து இந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை. "நேத்து வரைக்கும் குறைஞ்சுக்கிட்டேதான் வந்துச்சு சார், இன்னிக்கு காதுக்குள்ள குத்துது. காலைல வரட்டுமா, இல்ல ரெண்டு நாள் பொறுத்துப் பாக்கட்டுமா? கடையில ஒரு செட்டு மாத்திரை வாங்கிப் போட்டா போதுமா?" வாட்ஸாப்பிலும் அதே கேள்விதான், கூடவே வாய்க்குள் டார்ச் அடித்து எடுத்த, ஒன்றும் தெரியாத ஒரு போட்டோ.

அந்த ராத்திரியில் ஒருவருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன: வீட்டிலேயே பொறுத்துப் பார்ப்பது, மருந்துக் கடைக்குப் போவது, பல் எடுத்த டாக்டரிடமே திரும்பப் போவது, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது. நான்குமே சரியாக இருக்கும் ஆட்கள் உண்டு, மருந்துக் கடை மட்டும் மிகக் குறைவாக. எது யாருக்கு என்பதை இங்கே பார்ப்போம். பேசப்போவது முக்கியமாகக் கீழ் வரிசையில் கடைசியாக இருக்கும் கடைவாய்ப் பல்லைப் பற்றி. ஞானப்பல் என்று சொல்வதும் இதைத்தான். மேல் பல்லில் இந்தத் தொல்லைகள் குறைவு.

## முதலில் எதை வைத்து முடிவு செய்வது

"ரொம்ப வலிக்குது" என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. பல் எடுத்த குழியில் உறைந்த ரத்தம் போய் எலும்பு திறந்து கிடப்பதை டிரை சாக்கெட் என்போம். உயிருக்கு ஆபத்தில்லாத அதுதான் எல்லாவற்றையும் விட அதிகமாக வலிக்கும். ஆபத்தான கழுத்து வீக்கம் சில பேருக்கு அவ்வளவாக வலிக்கவே வலிக்காது. வலியையும் வீக்கத்தையும் தனித்தனியாகக் கணக்கு வைக்க வேண்டும்.

போனில் நான் கேட்பது இவைதான்.

வீக்கம் எந்தத் திசையில் போகிறது? பல் எடுத்த அன்று வீக்கம் அவ்வளவாகத் தெரியாது. மறுநாள் ஏறும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்கு வரும். கன்னத்தில் எலுமிச்சம்பழம் வைத்த மாதிரி இருப்பதைப் பார்த்துப் பயந்துபோய் வருவார்கள், அது வழக்கமானதுதான். அதற்குப் பிறகு இறங்க வேண்டும், ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிட வேண்டும். மூன்றாம் நாளுக்குப் பிறகும் ஏறினால், அல்லது இறங்கிய வீக்கம் மறுபடி தலைதூக்கினால், அது சாதாரண வீக்கம் இல்லை. அளவை விடத் திசைதான் முக்கியம். கண்ணாடியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தினமும் காலையில் அதே இடத்தில், அதே ஜன்னல் பக்கம் நின்று ஒரு போட்டோ எடுங்கள். தாடைக்குக் கீழே வீங்கியிருந்தால் வீக்கம் முடியும் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். நாலு மணி நேரம் கழித்து வீக்கம் கோட்டைத் தாண்டியிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

வாய் எத்தனை விரல் திறக்கிறது? விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். நல்ல வாயில் மூன்று விரல் போகும். பல் எடுத்த இரண்டு மூன்று நாளுக்கு இரண்டு விரல், சிலருக்கு ஒன்றரை விரல்தான் போகும். தினமும் கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தால் சரி. நேற்று இரண்டு விரல் போன வாயில் இன்று ஒரு விரல்தான் போகிறது என்றால் பின்னால் ஏதோ நடக்கிறது.

எச்சிலை விழுங்க முடிகிறதா, குரல் மாறியிருக்கிறதா? இது ஒன்றுக்கு மட்டும் பதில் தப்பாக வந்தால் மற்ற கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

காய்ச்சல் எவ்வளவு? முதல் நாள் லேசாக உடம்பு சுடலாம். இரண்டு நாள் கழித்து 100.4 டிகிரியைத் தாண்டினால் கணக்கில் எடுக்க வேண்டும். காய்ச்சல் மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு "காய்ச்சல் இல்லை" என்று சொல்லாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? தர்மபுரி டவுனுக்குள் இருப்பவர் விடியும்வரை பார்க்கலாம் என்று நினைக்கும் அதே நிலைமையில், சித்தேரி மலையிலோ அஞ்செட்டி பக்கமோ இருப்பவர் கடைசி பஸ் போவதற்குள் கிளம்பிவிட வேண்டியிருக்கும்.

## வழி 1: வீட்டிலேயே பொறுத்துப் பார்ப்பது

வீக்கம் இறங்குமுகம், வலி மாத்திரைக்கு அடங்குகிறது, வாய் நேற்றைவிட நன்றாகத் திறக்கிறது என்றால் இதுதான் சரியான வழி. பெரும்பாலானவர்கள் இந்த வகைதான். ஆனால் "வீட்டிலேயே" என்றால் சும்மா இருப்பது இல்லை.

பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடி மாதிரி உட்காரும். அதன் கீழேதான் புது சதை வளரும். முதல் 24 மணி நேரம் எல்லாக் கட்டுப்பாடும் இந்த மூடிக்காகத்தான். வைத்த பஞ்சை முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் அழுத்திக் கடித்திருந்துவிட்டு எடுங்கள். அடிக்கடி எடுத்துப் பார்த்துப் புதுப் பஞ்சு மாற்றினால் ஒவ்வொரு தடவையும் உறைந்ததையும் சேர்த்து எடுக்கிறீர்கள். எச்சிலைத் துப்பாமல் விழுங்குங்கள். முதல் நாள் எச்சில் இளஞ்சிவப்பாக வருவது ரத்தப்போக்கு இல்லை. அன்றைக்கு வாய் கொப்பளிக்க வேண்டாம். மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு போட்டு, சாப்பிட்ட பிறகெல்லாம் வாயில் ஊற்றித் தலையை அப்படியும் இப்படியும் சாய்த்து, தானாக வழியவிடுங்கள். காலையில் பல் விளக்கிவிட்டு ஓங்கிக் கொப்பளித்துத் துப்பும் வேகம் இதற்கு ஆகாது.

சாப்பாட்டில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. களியை மென்று சாப்பிடும் வழக்கமே கிடையாது, உருட்டி விழுங்குவதுதான். ஆறிய களியும் ராகிக் கூழும் இந்த வாரத்துக்கே செய்த மாதிரி. கஷ்டம் குழம்பில்தான். தாளித்த கடுகு ஒன்று குழிக்குள் போய் உட்கார்ந்தால் வெளியே வர அடம்பிடிக்கும். ஒரு வாரத்துக்குத் தாளிக்காமல் கொடுக்கச் சொல்லுங்கள்.

இந்த வழியின் மறைமுகச் செலவு, வீட்டிலிருக்கும் வைத்தியர்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் மூடி பிய்ந்துகொள்ள வாய்ப்புண்டு. டம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம். கிராம்புத் தைலத்தில் பஞ்சை நனைத்து நேராகக் குழிக்குள் திணிப்பார்கள். நாங்களும் கிராம்பிலிருந்து வரும் அதே மருந்தைத்தான் வைக்கிறோம், ஆனால் அளவாக, கழுவிய குழியில். பச்சைத் தைலம் சதையைப் பொசுக்கும், பஞ்சு உள்ளேயே தங்கி அழுகும். அப்புறம் ஒத்தடம். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ்தான், பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து அதே அளவு இடைவெளி விட வேண்டும். சூடான தவிட்டு ஒத்தடத்தை அந்த நாட்களில் கொடுத்தால் வீக்கம்தான் கூடும். பீடி, சிகரெட், ஹான்ஸ் எதுவும் குறைந்தது மூன்று நாளுக்கு வேண்டாம், ஒரு வாரம் என்றால் இன்னும் நல்லது.

## வழி 2: மருந்துக் கடை

எழுதிக்கொடுத்த மாத்திரை தீர்ந்துபோய், அதே சீட்டைக் காட்டி அதையே வாங்குவதற்கு மருந்துக் கடை சரி. அதைத் தாண்டி இந்த வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன், காரணம் இருக்கிறது.

"பல்லு வலி, வீக்கம்" என்று சொன்னால் சில கடைகளில் காகிதப் பொட்டலத்தில் ஒரு செட்டு மாத்திரை மடித்துத் தருவார்கள். பேர் இருக்காது. அதில் பெரும்பாலும் ஒரு வலி மாத்திரை, ஒரு ஆன்டிபயாட்டிக், சில நேரம் சின்னதாக ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கும். ஸ்டீராய்டு வீக்கத்தையும் காய்ச்சலையும் சட்டென்று இறக்கும். அறுவை சிகிச்சை அன்று டாக்டரே யோசித்து ஒரு வேளை கொடுப்பது வேறு. நான்காம் நாள் உள்ளே சீழ் பிடிக்கும் நேரத்தில் கொடுத்தால் அது உங்கள் போட்டோவையும் தெர்மாமீட்டரையும் பொய் சொல்ல வைத்துவிடும். சர்க்கரை இருப்பவருக்கு சர்க்கரையும் ஏறும்.

அடுத்தது, டிரை சாக்கெட்டுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. அங்கே சீழ் இல்லை, மூடி போன குழியில் எலும்பு காற்றுக்கும் சாப்பாட்டுக்கும் திறந்து கிடக்கிறது, அவ்வளவுதான். மூன்று நாள் மாத்திரை போட்டுப் பார்ப்பது மூன்று நாள் வலியைக் காசு கொடுத்து வாங்குவது.

இன்னொன்று, மாத்திரை இரட்டிப்பாவது. டாக்டர் கொடுத்த கூட்டு மாத்திரைக்குள்ளேயே பாராசிட்டமால் இருக்கும். கடைக்காரர் மேலே ஒரு 650 கொடுப்பார். வீட்டில் இன்னொன்றைத் தருவார்கள். 24 மணி நேரத்தில் மொத்தம் 4 கிராமைத் தாண்டவே கூடாது. ஈரலுக்கு அது விஷம்.

## வழி 3: பல் எடுத்த டாக்டரிடமே போவது

டிரை சாக்கெட்டுக்கு இதுதான் வழி. அதை எப்படி அடையாளம் காண்பது? வலி முதலில் குறைந்து வந்து, இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் புதிதாக ஏறும். விண்விண்ணென்று காதுக்கும் நெற்றிப் பொட்டுக்கும் ஓடும். மாத்திரை போட்டால் ஒரு மணி நேரம் அடங்கி மறுபடி எழும். வாயில் கெட்ட வாடை, நாக்கில் ஒரு கசப்பு. ஆனால் வீக்கம் ஏறாது, காய்ச்சல் பெரிதாக இருக்காது. வலி ஏறுகிறது, வீக்கம் ஏறவில்லை என்ற இந்த ஜோடிதான் துப்பு. குழிக்குள் கருஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காலியாக, சாம்பல் நிறத்தில் எலும்பு தெரியும். குழியின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது ஆறும்போது வரும் படலம். அதைக் குச்சியால் சுரண்டியே டிரை சாக்கெட் வரவைத்துக்கொண்டவர்களும் உண்டு.

போன வருஷம் மாங்காய் சீசனில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சந்தூர் பக்கத்து லாரி டிரைவர், 30 வயதுக்குள். கீழே இடது பக்கம் பல் படுத்த வாக்கில் இருந்தது. எலும்பைக் கொஞ்சம் குடைந்து, பல்லை இரண்டாக வெட்டி எடுத்து மூன்று தையல் போட்டேன். சனிக்கிழமை காலை 11 மணி. ஞாயிறு கன்னம் வீங்கியது. திங்கள் உச்சம், வாய் இரண்டு விரல். அன்று சாயங்காலமே வலி பாதியாகிவிட்டதால் சேலத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். தொப்பூர் கணவாய் தாண்டி வண்டியை ஓரம் கட்டி இரண்டு பீடி. செவ்வாய் ராத்திரி 10 மணிக்கு போன், காதைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

வீக்கம் நேற்றைவிடக் குறைவு என்றார். வாய் அதே இரண்டு விரல். எச்சில் விழுங்க முடிகிறது. காய்ச்சல் 99. வாடை அடிக்கிறதா என்றேன். "பக்கத்துல படுத்திருந்த கிளீனர் எந்திரிச்சுப் போயிட்டான் சார்" என்றார். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை, காலையில் வரலாம். ராத்திரியை ஓட்டுவதற்கு, வயிற்றுப்புண், கிட்னி தொல்லை, ஆஸ்துமா எதுவும் இல்லை என்று கேட்டுக்கொண்டு, சாப்பிட்டபின் ஐபுப்ரோஃபென் 400, கூடவே பாராசிட்டமால் 650 போடச் சொன்னேன். இந்த இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாக வேலை செய்வதைவிட நன்றாகவே கேட்கும்.

புதன்கிழமை காலையில் வெதுவெதுப்பான சலைனை சிரிஞ்சில் எடுத்துக் குழியைக் கழுவினேன். சோற்றுப் பருக்கை மாதிரி என்னவோ வந்தது. சுரண்டவில்லை. சுரண்டினால் ரத்தம் வந்து புது மூடி உட்காரும் என்ற பழைய நம்பிக்கை ஒன்று உண்டு, அது எலும்பை இன்னும் நோகடிப்பதுதான். கிராம்பு மருந்து தடவிய சின்ன நாடாத் துணியைத் தளர்வாக வைத்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். மூன்று ராத்திரித் தூக்கம் பாக்கி. வெள்ளிக்கிழமை துணியை மாற்றினேன், திங்கள்கிழமை எடுத்துவிட்டேன். அந்தத் துணி தானாகக் கரையாது. வலி போய்விட்டது என்று திரும்ப வராமலே இருந்துவிடுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மறைமுகச் செலவு, இந்த இரண்டு மூன்று நடைதான். ஒவ்வொன்றுக்கும் அரை நாள் கூலி. வாரம் ஒரு நாள் மட்டும் பெங்களூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ வந்து போகும் டாக்டரிடம் பல் எடுத்திருந்தால் நான்காம் நாள் அவர் ஊரிலேயே இருக்கமாட்டார். பல் எடுப்பதற்கு முன்பே "புதன்கிழமை வலிச்சா யாரப் பாக்கணும்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேறு டாக்டரிடமும் போகலாம், மருந்து வைப்பது எல்லோரும் செய்வதுதான். வேரின் நுனி ஏதாவது உள்ளே விடப்பட்டதா என்பது முதல் டாக்டருக்குத்தான் தெரியும் என்பதால் அவரை முதலில் கேட்கிறோம்.

வீக்கம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, குழியிலிருந்து சீழ் கசிகிறது, ஆனால் விழுங்க முடிகிறது, வாய் திறக்கிறது என்றால் அதற்கும் அன்றைக்கே இங்கேதான். மாத்திரை தேவை இந்த இடத்தில்தான் வருகிறது.

## வழி 4: நேராகப் பெரிய ஆஸ்பத்திரி

எச்சில் விழுங்க முடியாமல் ஓரமாக ஒழுகுகிறது. குரல் வாயில் சூடான உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி மாறிவிட்டது. நாக்குக்கு அடியில் தடித்து நாக்கு மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது. தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் பலகை மாதிரி கெட்டியாக இருக்கிறது. படுத்தால் மூச்சுத் திணறுகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் என்னைப் போன்ற கிளினிக்கில் நேரத்தை வீணாக்க வேண்டாம். சீழ் தாடைக்குக் கீழே இறங்கி மூச்சுக் குழாய் பக்கம் போகிறது. மயக்க மருந்து டாக்டரும் அறுவை அரங்கமும் இருக்கும் இடம் தேவை: தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் போலுப்பள்ளியில் இருப்பது. 108-ஐக் கூப்பிடுங்கள். நோயாளியைப் படுக்க வைக்காமல் உட்கார வைத்தே கொண்டுபோங்கள், வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் பல் பிரிவு ஓ.பி. காலையில்தான் இருக்கும், நீங்கள் போக வேண்டியது 24 மணி நேரமும் திறந்திருக்கும் அவசரப் பிரிவுக்கு.

மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் உதடும் கண் இமையும் வீங்கி, உடம்பில் தடிப்பு வந்தால் அதுவும் இங்கேதான். அது குழியின் வீக்கமே இல்லை, மருந்து ஒவ்வாமை. பல் எடுத்த சிறிது நேரத்திலேயே கன்னமும் கழுத்தும் பொசுக்கென்று உப்பி, அழுத்தினால் நறநறவென்றால் தோலுக்கு அடியில் காற்று போயிருக்கிறது. பெரும்பாலும் தானாக அடங்கும், ஆனாலும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

இந்த வழியின் செலவு, வெறும் டிரை சாக்கெட்டோடு ராத்திரி போனால் தெரியும். வலிக்கு ஊசி போட்டு, காலையில் பல் பிரிவுக்கு வரச் சொல்வார்கள். அவர்கள் செய்வது சரிதான். உங்கள் ராத்திரி பெஞ்சில் போயிருக்கும்.

வராமல் இருந்ததன் செலவு வேறு மாதிரி. அரூர் பக்கத்திலிருந்து சர்க்கரை உள்ள ஒரு அம்மா. நான்காம் நாள் இறங்கிய வீக்கம் ஐந்தாம் நாள் ஏறியது. கடையில் வாங்கிய செட்டு மாத்திரையில் இரண்டு நாள் ஓட்டினார்கள். வீக்கம் வற்றிய மாதிரி இருந்தது, காய்ச்சலும் இல்லை. பொட்டலம் தீர்ந்த ராத்திரி கழுத்து வீங்கி, தண்ணீர் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கழுத்தில் கீறி சீழை எடுத்தார்கள். ஐந்தாம் நாளே பல் எடுத்த இடத்தில் காட்டியிருந்தால் பெரும்பாலும் தையலைப் பிரித்துக் கழுவுவதோடு முடிந்திருக்கும்.

## ஒரே பார்வையில்

| | வீட்டில் | மருந்துக் கடை | பல் டாக்டர் | பெரிய ஆஸ்பத்திரி |
|---|---|---|---|---|
| வலி | தினமும் குறைகிறது | எழுதித் தந்தது தீர்ந்தது | 2–4ஆம் நாள் புதிதாக ஏறுகிறது | எப்படியும் இருக்கலாம் |
| வீக்கம் | 3ஆம் நாளுக்குப் பின் இறங்குகிறது | இறங்குகிறது | ஏறவில்லை, அல்லது கொஞ்சம் ஏறுகிறது | கழுத்துக்கு, நாக்குக்கு அடியில் பரவுகிறது |
| வாய் திறப்பது | கூடுகிறது | கூடுகிறது | அப்படியே, அல்லது குறைகிறது | ஒரு விரலுக்கும் குறைவு |
| விழுங்குவது | முடிகிறது | முடிகிறது | முடிகிறது | முடியவில்லை |
| மறைமுகச் செலவு | கை வைத்தியம் | நோயை மறைப்பது | இரண்டு மூன்று நடை | தேவையில்லாமல் போனால் ஒரு ராத்திரி |

கேள்விகளுக்கு வந்த பதில்கள் இரண்டு கட்டங்களில் மாறி மாறி விழுந்தால் வலது பக்கக் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், டவுனிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி இருப்பவர்கள் எப்போதுமே ஒரு கட்டம் வலது பக்கம், மருந்துக் கடைக் கட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல்.

அந்த டிரைவர் நாலு வாரம் கழித்து மறுபடி போன் செய்தார். வலி இல்லை, அதே இடத்தில் கன்னம் லேசாக உப்பியிருக்கிறதாம். பல் எடுத்து ஒரு மாதம் ஆனபிறகு என்ன வீக்கம் என்று அவருக்கு நம்பிக்கையே இல்லை, தாடையில் அடிபட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லில் இது உண்டு. மேலே சதை மூடிக்கொண்டு அடியில் குழி இன்னும் நிரம்பாமல் இருக்கும்போது, உள்ளே போன எதுவோ மாட்டிக்கொண்டு மூன்று முதல் ஆறு வாரம் கழித்துக்கூடக் கிளம்பும். அடுத்த நாள் வந்தார். சதையை லேசாக விலக்கி, வளைந்த முனை சிரிஞ்சில் கழுவினேன். கொஞ்சம் சீழ் வந்தது, பின்னாலேயே ஒரு துண்டு நிலக்கடலைத் தோல்.